எக்ஸெலில் ஃபில்டர் போட்டால் ஜூமில் மைக் ஏன் திறக்கிறது?

கேள்வி

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்துதான் வேலை. மாதக் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸோடு ஜூமில் உட்கார்ந்து, எக்ஸெல் ஷீட்டை ஸ்கிரீன் ஷேர் செய்து, வரி வரியாகப் பார்ப்போம். வீட்டில் குழந்தை, மாமியார், குக்கர் விசில் எல்லாம் உண்டு. அதனால் பேசும்போது மட்டும் மைக்கைத் திறப்பேன், மற்ற நேரம் மியூட்டில் வைப்பேன்.

ஜூமில் Alt+A அழுத்தினால் மியூட் ஆகும் என்று தெரியும். ஆனால் எக்ஸெல் முன்னால் இருந்தால் அது வேலை செய்வதில்லை. ஆபீஸில் ஒரு தம்பி, "செட்டிங்ஸில Enable Global Shortcutனு ஒரு டிக் இருக்குக்கா, அதைப் போட்டுருங்க" என்றார். போட்டேன். அன்றிலிருந்து எந்த விண்டோவில் இருந்தாலும் Alt+A வேலை செய்கிறது. ஆனால் புதிதாக ஒரு தொல்லை. நான் Alt+A பக்கமே போகாதபோதும் சில சமயம் மைக் திறந்திருக்கிறது. போன மாதம் மாமியாரும் நானும் வீட்டு விஷயம் பேசிக்கொண்டது முழுக்க ஆடிட்டர் காதில் விழுந்துவிட்டது. கூனிக்குறுகிப் போனேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வெளிநாட்டு பையர்களோடு கூட்டம் கூகுள் மீட்டில் நடக்கும். அங்கே மியூட்டுக்கு Ctrl+D. ஒரு நாள் மீட் முன்னால் இருப்பதாக நினைத்து எக்ஸெல் மேலேயே அழுத்திவிட்டேன். மியூட்டும் ஆகவில்லை, ஷீட்டில் ஒரு இன்வாய்ஸ் தொகையும் மாறிவிட்டது. ஜூம், மீட் இரண்டுக்கும் சேர்த்து நம்பகமான ஒரு வழி உண்டா? கேமராவுக்கும் இப்படி ஒரு விசை வைத்துக்கொள்ளலாமா? என்னுடையது விண்டோஸ் 11 லேப்டாப்.

— வாசகி, திருப்பூர்

பதில்

மைக்கைத் திறப்பது, எக்ஸெலில் நீங்கள் ஃபில்டர் போடுகிற விசையாகத்தான் இருக்க வேண்டும். கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் பலருக்கும் Alt-ஐ அழுத்திப் பிடித்தபடியே A, T என்று தட்டி ஃபில்டர் போடுகிற பழக்கம் உண்டு. எக்ஸெலில் Alt-உம் A-வும் சேர்ந்தால் Data பட்டை திறக்கும். ஃபில்டர் மட்டுமல்ல, வரிசைப்படுத்துவது, இரட்டைப் பதிவுகளை நீக்குவது என்று அந்தப் பட்டையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் வழி Alt, A என்றுதான் தொடங்குகிறது. அதே இரண்டு விசைகளைத்தான் ஜூம் தன் மைக்குக்கு வைத்திருக்கிறது. அந்த டிக் இல்லாதவரை இரண்டும் மோதிக்கொள்ளவில்லை. டிக் போட்டதும் மோத ஆரம்பித்துவிட்டன.

இது சந்தேகம்தானா, உண்மையா என்று இன்றைக்கே பார்த்துவிடலாம். ஜூமில் தனியாக ஒரு கூட்டம் தொடங்குங்கள். மைக்கை மியூட்டில் வைத்து, எக்ஸெலை முன்னால் கொண்டுவாருங்கள். ஜூம் விண்டோவும் ஓரமாகக் கண்ணில் படுகிற மாதிரி இருக்கட்டும். முதலில் Alt-ஐ ஒரு முறை தட்டி விட்டுவிட்டு, பிறகு A, அதற்குப் பிறகு T என்று ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஃபில்டர் வரும், மைக் அசையாது. அடுத்து Alt-ஐ விடாமல் பிடித்தபடி A-வைத் தட்டுங்கள். Data பட்டை திறக்காது. ஜூமில் மைக் படத்தின் மேலிருந்த சிவப்புக் கோடு மறையும். அப்படி மறைந்தால் காரணம் இதுதான் என்று உறுதியாகிவிடும்.

எப்போதும் நடக்காமல் சில சமயம் மட்டும் நடப்பதற்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது. Alt+A ஒவ்வொரு முறையும் மைக்கை இருக்கிற நிலையிலிருந்து மறு நிலைக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஃபில்டர் வரவில்லையே என்று மறுபடியும் ஒரு முறை அழுத்தியிருந்தால் மைக் திறந்து உடனே மூடிக்கொண்டிருக்கும், உங்களுக்கும் தெரிந்திருக்காது. ஒரே முறை அழுத்திவிட்டு, வரவில்லை என்றதும் மவுஸை எடுத்துப் பட்டையில் கிளிக் செய்திருந்தால் மைக் திறந்தபடியே நின்றிருக்கும். ஆடிட்டர் கேட்ட அன்றைக்கு இப்படி ஏதோ ஒன்றுதான் நடந்திருக்கும்.

அந்த டிக் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபம். சாதாரணமாக நீங்கள் அழுத்துகிற விசையை விண்டோஸ் அப்போது முன்னால் இருக்கிற விண்டோவுக்கு மட்டும்தான் கொடுக்கும். ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது முன்னால் இருப்பது எக்ஸெல். ஜூம் ஒரு சின்னப் பட்டையாகச் சுருங்கித் திரையின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். அதனால் Alt+A எக்ஸெலுக்குப் போனது, ஜூமுக்குத் தெரியவே இல்லை. டிக் போட்டவுடன் ஜூம் விண்டோஸிடம் போய், "இந்தச் சேர்க்கையை யார் எங்கே அழுத்தினாலும் என்னிடம் சொல்" என்று பதிவு செய்துகொள்கிறது. அடுக்குமாடி வாட்ச்மேனிடம் ஒரு வீட்டுக்காரர், "இன்ன பெயருக்கு வருகிற கூரியர் எல்லாம் என் வீட்டுக்கு" என்று சொல்லி வைப்பது போல. அதன் பிறகு அதே பெயருள்ள பக்கத்து வீட்டுக்காரருக்கு எதுவும் போய்ச் சேராது. விசைக்கும் இதே கதிதான். பதிவாகிவிட்ட சேர்க்கை ஜூமுக்கு மட்டும் போகும், எக்ஸெலுக்கு அதன் பிரதி கூடக் கிடைக்காது.

விண்டோஸில் இந்தப் பதிவுக்கு RegisterHotKey என்று பெயர். ஒரு சேர்க்கையை ஏற்கெனவே ஒரு புரோகிராம் பதிவு செய்திருந்தால், பின்னால் வருகிற புரோகிராமுக்கு அது கிடைக்காது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறவை, தமிழ் டைப்பிங் மென்பொருள்கள் எல்லாம் இந்த மாதிரி விசைகளைப் பிடித்து வைத்திருக்கும். நேற்று வரை வேலை செய்த மியூட் விசை இன்றைக்கு ஜூமின் உள்ளே மட்டும் வேலை செய்து வெளியே செய்யவில்லை என்றால், புதிதாக என்ன நிறுவினீர்கள் என்று முதலில் யோசியுங்கள்.

ஆகவே அந்த டிக்கை எடுக்க வேண்டாம். உங்கள் தேவைக்கு அதுதான் சரியான வழி. விசையைத்தான் மாற்ற வேண்டும்.

ஜூமில் Settings திறந்து Keyboard Shortcuts-க்குப் போங்கள். Mute/Unmute My Audio என்ற வரிக்கு எதிரே Alt+A என்று இருக்கும். அதன் மேல் கிளிக் செய்துவிட்டுப் புதிய சேர்க்கையை அழுத்தினால் மாறிவிடும். அதே வரியில்தான் அந்த டிக்கும் இருக்கிறது. ஒவ்வொரு ஷார்ட்கட்டுக்கும் தனித்தனி டிக் என்பதைக் கவனியுங்கள். மைக் வரியில் மட்டும் இருக்கட்டும். மற்ற வரிகளில் டிக் போட்டால் அவையும் எக்ஸெலிடமிருந்து விசைகளைப் பறிக்கும். உதாரணத்துக்கு, ஸ்கிரீன் ஷேருக்கு இருப்பது Alt+S. இவையெல்லாம் கணினியில் நிறுவிய ஜூமுக்குத்தான். பிரவுசரில் லிங்க்கை அழுத்தி அங்கேயே கூட்டத்தில் சேர்ந்தால் இந்த டிக்கே கிடையாது.

எந்த விசையைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றி டைப் செய்கிறவர்கள் Alt+Shift சேர்ந்த எதையும் வைக்காமல் இருப்பது நல்லது. விண்டோஸில் இடதுபக்க Alt+Shift கீபோர்டு மொழியை மாற்றுகிற விசை. மியூட் செய்யப் போய் அடுத்த வரியைத் தமிழில் டைப் செய்துகொண்டிருப்பீர்கள். என்.எச்.எம். ரைட்டர் வைத்திருந்தால் Alt-உடன் எண் விசைகளும் வேண்டாம், அவற்றை அது மொழி மாற்றத்துக்கு வைத்திருக்கிறது. Ctrl+Alt ஓரளவு பாதுகாப்பானது. ஆனால் விண்டோஸ் பல கீபோர்டு அமைப்புகளில் Ctrl+Alt-ஐயும் வலதுபக்க Alt-ஐயும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். இந்திய ஆங்கில கீபோர்டு அமைப்பில் வலது Alt-உம் 4-உம் சேர்ந்தால் ₹ குறி விழும். Ctrl+Alt+4 என்று மியூட்டுக்கு வைத்தால் ரூபாய்க் குறி போடுகிற ஒவ்வொரு முறையும் மைக் திறந்து மூடும். கணக்குப் பிரிவில் இருக்கிற உங்களுக்கு இது Alt+A-வை விடப் பெரிய தலைவலி.

உங்களுக்கு நான் சொல்வது Ctrl+Alt+M. கொடுப்பதற்கு முன்னால், ஜூம் ஓடாத நேரத்தில் எக்ஸெலைத் திறந்து அதை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். எதுவும் நடக்கக் கூடாது. டேலி, மெயில் என்று கூட்டத்தின்போது நீங்கள் திறந்து வைக்கிற மற்றவற்றிலும் இதே மாதிரி அழுத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் சும்மா இருக்கிற சேர்க்கைதான் உங்களுக்கு வேண்டியது. வேர்டில் Ctrl+Alt+M என்பது கமென்ட் சேர்க்கிற விசை, அதனால் வேர்டு கோப்பில் குறிப்பு எழுதியபடி கூட்டம் நடத்துகிறவர்கள் வேறு எழுத்தைத் தேட வேண்டும். Ctrl+Alt+V-ஐ மட்டும் எதற்கும் தொடாதீர்கள், அது எக்ஸெலின் Paste Special.

விசையை மாற்றிய பிறகு ஒரு ஒத்திகை அவசியம். தனிக் கூட்டம் தொடங்கி, போனிலும் அதே கூட்டத்தில் சேர்ந்து, போனை வீட்டில் வேறொருவர் கையில் கொடுத்து அடுத்த அறைக்கு அனுப்புங்கள். லேப்டாப்பில் எக்ஸெலை ஷேர் செய்து, மாதக் கடைசியில் வழக்கமாகச் செய்கிற வேலைகளை அப்படியே செய்யுங்கள். ஃபில்டர் போடுங்கள், எடுங்கள், வரிசைப்படுத்துங்கள், ஒரு வரியை வெட்டி ஒட்டுங்கள், மியூட்டில் இருந்தபடியே ஏதாவது பேசிக்கொண்டும் இருங்கள். போன் வைத்திருப்பவர் உங்கள் குரலைக் கேட்டால், எந்தச் செயலின்போது கேட்டது என்று சொல்லிவிடுவார். மைக் படத்தை மட்டும் பார்த்துச் சோதிப்பதை விட இது நம்பகமானது. ஷீட்டில் கண் இருக்கும்போது விளிம்பில் இருக்கிற படம் மாறியதை யாரும் கவனிப்பதில்லை.

இனி மீட்.

அங்கே உங்களுக்கு நடந்தது ஜூமில் நடந்ததற்கு நேரெதிர். ஜூம் எக்ஸெலின் விசையைப் பிடுங்கியது. மீட்டுக்குப் போக வேண்டிய விசையோ எக்ஸெலுக்குப் போய்விட்டது. எக்ஸெலில் Ctrl+D என்பது மேலே இருக்கிற கட்டத்தின் மதிப்பைக் கீழே நிரப்புகிற விசை. ஒரே ஒரு கட்டத்தில் நின்று அழுத்தினால், அதற்கு நேர் மேலே இருப்பது அப்படியே இங்கே வந்து உட்காரும். 13-ஆம் வரியில் 1,18,000, 14-ஆம் வரியில் 1,81,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 14-இல் நின்று Ctrl+D அழுத்தினால் இரண்டிலும் 1,18,000. பிழைச் செய்தி வராது, நிறம் மாறாது. பார்க்கிறவர் கண்ணுக்கு அதுவும் ஒரு இன்வாய்ஸ் தொகை மாதிரியே இருக்கும். மொத்தம் உதைக்கும்போதுதான் தெரியும். மீட்டில் கேமராவுக்கு இருக்கிற Ctrl+E இன்னும் மோசம். எக்ஸெலில் அது Flash Fill, பக்கத்துப் பத்தியைப் பார்த்துத் தானாகவே யூகித்து ஒரு பத்தி முழுவதையும் நிரப்பப் பார்க்கும். அவுட்லுக்கில் Ctrl+D அழுத்தினால் திறந்திருக்கிற மெயில் நீக்கப்பட்டுவிடும். மியூட் ஆகவில்லை என்று தோன்றினால் மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். முதலில் Ctrl+Z அழுத்தி, எக்ஸெலில் எதுவாவது பின்னோக்கிப் போகிறதா என்று பாருங்கள். தவறாக எதுவும் மாறியிருக்காமல், அதற்கு முன் செய்த வேலை ஏதாவது அழிவது போலத் தெரிந்தால் உடனே Ctrl+Y அழுத்தி அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

ஜூமில் இருக்கிற மாதிரி ஒரு டிக் மீட்டில் ஏன் இல்லை என்றால், மீட் பிரவுசருக்குள் திறக்கிற ஒரு பக்கம். முன்னால் இல்லாத பக்கத்துக்கு விசைகளைக் கொடுக்காமல் வைத்திருப்பது பிரவுசரின் அடிப்படைப் பாதுகாப்பு. அதைத் தளர்த்தினால், பின்னால் திறந்து கிடக்கிற எந்தப் பக்கமும் நீங்கள் வங்கியில் டைப் செய்கிற பாஸ்வேர்டைப் படித்துவிடும். எனவே மீட்டுக்கு வெளியே இருக்கிற ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும்.

அதற்குக் குரோம் எக்ஸ்டென்ஷன்கள் ஒரு வழி. மீட்டின் மைக்கை மாற்றுகிற எக்ஸ்டென்ஷனை நிறுவி, chrome://extensions/shortcuts என்று முகவரிப் பட்டையில் டைப் செய்தால் விசை கொடுக்கிற இடம் வரும். பக்கத்தில் இருக்கிற தேர்வை In Chrome என்பதிலிருந்து Global என்று மாற்றினால்தான் எக்ஸெல் முன்னால் இருக்கும்போதும் வேலை செய்யும். இதை மாற்ற மறந்துவிட்டு எக்ஸ்டென்ஷன் சரியில்லை என்று கழற்றிப் போடுகிறவர்கள் நிறைய. ஆனால் கம்பெனிக் கணக்கோடு வேலை செய்கிற லேப்டாப்பில் நான் இதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். அப்படி ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு மீட் பக்கத்தைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி தர வேண்டும். யார் எழுதியது, யார் பராமரிக்கிறார்கள் என்று தெரியாத ஒன்றுக்கு அந்த அனுமதியைத் தருவது எனக்கு உவப்பில்லை.

உங்களுக்கு நான் சொல்கிற வழி, மைக்கை விண்டோஸ் அளவிலேயே மூடுவது. சில லேப்டாப்களில் இதற்கென்றே மைக் படம் போட்ட விசை இருக்கும். திங்க்பேட் மாடல்கள் பலவற்றில் அது F4, மியூட்டில் இருந்தால் விசையிலேயே ஒரு சின்ன விளக்கு எரியும். உங்களுடையதில் அப்படி ஒன்று இருந்தால் மேற்கொண்டு எதுவும் நிறுவ வேண்டாம். எக்ஸெல் முன்னால் இருந்தாலும் மீட் முன்னால் இருந்தாலும் அது ஒன்றுபோலவே வேலை செய்யும். விளக்கு இருப்பதால் நிலையும் கையருகிலேயே தெரியும்.

அப்படி விசை இல்லை என்றால் ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருளில் மூன்று வரி போதும். 2-ஆம் பதிப்பை நிறுவி, கீழே இருப்பதை .ahk என்று முடிகிற ஒரு கோப்பில் சேமித்து இரட்டைக் கிளிக் செய்யுங்கள்:

```
#Requires AutoHotkey v2.0
^!j::SoundSetMute(1, , "Microphone")
^!k::SoundSetMute(0, , "Microphone")
```

இதில் ^ என்பது Ctrl, ! என்பது Alt. Ctrl+Alt+J அழுத்தினால் மைக் மூடும், Ctrl+Alt+K அழுத்தினால் திறக்கும். வேண்டுமென்றே இரண்டு விசையாகக் கொடுத்திருக்கிறேன். ஒரே விசை திறந்து மூடினால், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற சந்தேகம் எப்போதும் இருக்கும். சந்தேகம் வந்ததும் அழுத்தினால், மூடியிருந்த மைக் திறந்துவிடும். மூடுவதற்கென்று தனி விசை இருந்தால் எத்தனை முறை அழுத்தினாலும் மூடியே இருக்கும். குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்ததும் யோசிக்காமல் J-ஐத் தட்டலாம். ஜூமில் இந்த வசதி கிடையாது, அங்கே ஒரே விசைதான். அதனால் ஜூமுக்கும் இதையே பயன்படுத்தினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். அப்படிச் செய்தால் ஜூமின் மைக் வரியில் இருக்கிற டிக்கை எடுத்துவிடுங்கள், Ctrl+Alt+M-உம் தேவையில்லை.

"Microphone" என்ற பெயர் உங்கள் கணினியில் இருப்பதோடு பொருந்த வேண்டும். Settings-இல் System, Sound என்று போனால் Input என்ற பகுதியில் மைக்குகளின் பெயர்கள் இருக்கும். லேப்டாப்பின் மைக் Microphone Array என்றும், ஹெட்செட் Headset என்றும் தொடங்கலாம். பெயரின் தொடக்கம் பொருந்தினாலே ஆட்டோஹாட்கீ ஏற்றுக்கொள்ளும் என்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஹெட்செட்டில் பேசிக்கொண்டிருப்பீர்கள், விசையோ லேப்டாப் மைக்கை மூடிக்கொண்டிருக்கும். மீட் எந்த மைக்கைப் பயன்படுத்துகிறதோ அதன் பெயரை அடைப்புக்குறிக்குள் இருப்பது உட்பட முழுதாக எழுதுங்கள். பெயர் எதோடும் பொருந்தவில்லை என்றால் விசையை அழுத்தும்போது பிழைச் செய்தி வரும், அது நல்லதுதான். தவறான மைக்கோடு பொருந்திப்போனால் எந்தச் செய்தியும் வராது. அதைக் கண்டுபிடிக்க, மேலே சொன்ன போன் ஒத்திகையை மீட்டிலும் ஒரு முறை செய்யுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் மென்பொருள் நிறுவ அனுமதி இல்லை என்றால் ஐ.டி. பிரிவில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

விண்டோஸ் அளவில் மூடுவதில் ஒரு சிக்கல் உண்டு, முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. நீங்கள் மூடியது மீட்டுக்கோ ஜூமுக்கோ தெரியாமல் போகலாம். எதிரே இருப்பவர்கள் திரையில் உங்கள் மைக் திறந்திருப்பதாகவே தெரியும். நீங்கள் பேசுவீர்கள், யாருக்கும் கேட்காது, "மேடம், உங்கள் வாய்ஸ் வரவில்லை" என்பார்கள். பார்த்தால் ஜூமில் மைக் திறந்துதான் இருக்கும். அப்போது மைக் படத்தைக் கவனியுங்கள். மைக்குக்குச் சத்தம் வந்தால் ஜூமில் அந்தப் படத்துக்குள் பச்சை ஏறி இறங்கும். பேசியும் பச்சை ஏறவில்லை என்றால் மைக் ஜூமுக்கு வெளியே எங்கோ மூடியிருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸில் இருக்கலாம், ஹெட்செட் ஒயரில் இருக்கிற பொத்தானாகவும் இருக்கலாம். இந்தக் குழப்பம் வராமலிருக்க ஒரு கூட்டத்தில் ஒரே இடத்தில் மட்டும் மூடித் திறங்கள். விண்டோஸ் அளவில் என்று முடிவு செய்தால், கூட்டம் தொடங்கும்போதே மீட்டின் மைக்கைத் திறந்து வைத்துவிட்டு, அதன் பிறகு மீட்டின் பொத்தானைத் தொடாதீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக டீம்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. டீம்ஸில் Ctrl+Shift+M மியூட் செய்யும், ஆனால் டீம்ஸ் முன்னால் இருந்தால் மட்டும். அவுட்லுக் முன்னால் இருந்தால் அதே விசை புது மெயில் ஒன்றைத் திறந்துவிடும். விண்டோஸ் 11-இல் இதற்கு Win+Alt+K என்று விண்டோஸே ஒரு விசை வைத்திருக்கிறது. விண்டோஸின் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்ட புரோகிராம்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும், டீம்ஸ் அவற்றில் ஒன்று. எந்த விண்டோவில் இருந்தாலும் வேலை செய்யும். டீம்ஸுக்கும் தகவல் போய்விடுவதால், திறந்திருப்பதாகக் காட்டிக்கொண்டு மூடியிருக்கிற குழப்பம் அங்கே வராது. பழைய கட்டுரைகளில் பவர்டாய்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் கருவித்தொகுப்பில் Video Conference Mute என்ற வசதி இருப்பதாகப் படித்திருப்பீர்கள். அதை நீக்கிவிட்டார்கள், தேட வேண்டாம். மேக்கில் ஜூம் வைத்திருப்பவர்களுக்கும் இதே டிக் உண்டு, விசை மட்டும் Cmd+Shift+A. லினக்ஸில், குறிப்பாக வேலண்டில், ஒரு புரோகிராம் மற்றவற்றின் விசைகளைத் தன் இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. அங்கே கணினியின் சொந்தக் கீபோர்டு செட்டிங்ஸில் புதிதாக ஒரு ஷார்ட்கட் உண்டாக்கி, பைப்வயர் உள்ள கணினிகளில் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் மைக் மூடும்:

```
wpctl set-mute @DEFAULT_AUDIO_SOURCE@ 1
```

கடைசி எண்ணை 0 ஆக்கி இன்னொரு விசைக்குக் கொடுத்தால் திறக்கும்.

கேமராவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜூமில் Start/Stop Video என்ற வரியிலும் அதே டிக் இருக்கிறது, விசை Alt+V. போடலாம், ஆனால் நான் போட வேண்டாம் என்றே சொல்வேன். மைக்கைப் பேச்சுக்குப் பேச்சு திறந்து மூடுகிறோம், கேமராவைக் கூட்டத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோதான் தொடுகிறோம். அந்த இரண்டு முறைக்காக, கை தவறிப் பட்டால் வீட்டைக் காட்டிவிடுகிற ஒரு விசையை நாள் முழுக்க எல்லா விண்டோவிலும் திறந்து வைப்பது சரியாகப் படவில்லை. ஒரு முறை பட்டு மைக் திறந்தால் இரண்டு வார்த்தை வெளியே போகும். கேமரா திறந்தால் அறை முழுவதும் தெரிந்துவிடும். நீங்கள் ஷீட்டில் மூழ்கியிருக்கும்போது லென்ஸ் பக்கத்து விளக்கு எரிவது கண்ணில் படாமலும் போகலாம்.

கேமராவுக்கு லென்ஸ் மேல் தள்ளுகிற மூடியே போதும். பல லேப்டாப்களில் கூடவே வருகிறது. இல்லை என்றால் ஒட்டிக்கொள்கிற மாதிரி மெல்லியதாகக் கடையில் கிடைக்கும். தடிமனானதை வாங்கி ஒட்டி லேப்டாப்பை மூடினால் திரையில் அழுத்தம் விழும், அதை மட்டும் பார்த்து வாங்குங்கள். மூடி சாத்தியிருக்கும்போது ஜூம் கேமராவை ஓட்டினாலும் எதிரே இருப்பவர்களுக்குக் கறுப்புத்தான் தெரியும். எந்த விண்டோ முன்னால் இருக்கிறது என்ற கேள்வியே அங்கே எழாது. முகம் காட்ட வேண்டிய நேரத்தில் ஜூம் பட்டையில் இருக்கிற Start Video-வை மவுஸால் கிளிக் செய்துவிட்டு மூடியைத் தள்ளித் திறங்கள். கேமரா விழித்துக்கொள்ள ஓரிரு நொடி ஆகும், அதற்குள் பேசத் தொடங்கினாலும் பரவாயில்லை.

மாதக் கடைசிக் கூட்டத்துக்கு முன்னால் இதையெல்லாம் செய்ய நேரம் கிடைக்கவில்லை என்றால், இன்றைக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். எக்ஸெலில் ஃபில்டருக்கு Ctrl+Shift+L என்று இன்னொரு விசை இருக்கிறது. ஜூமில் எதையும் மாற்றாமல், அந்த ஒரு கூட்டத்தில் மட்டும் Alt+A, T-க்குப் பதில் அதைத் தட்டுங்கள். Data பட்டையில் இருக்கிற மற்ற வேலைகளுக்கு Alt-ஐத் தட்டி விட்டுவிட்டு, பிறகு A-வை அழுத்துங்கள்.